பேஸ்மென்ட் பார்க்கிங்ல புகை: கட்-அவுட்டா, டக்ட்டா, ஜெட் ஃபேனா?

அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல பேஸ்மென்ட் வென்டிலேஷன் பத்தி பேச்சு வந்தாலே எந்த ஃபேன் வாங்கலாம், எந்த கம்பெனி கொட்டேஷன் கம்மினு நேரா அங்கதான் போய் நிக்கும். ஆனா கேக்க வேண்டிய முதல் கேள்வி வேற. கீழ ஒரு கார் எரியுதுனா, தூரத்து மூலைல வண்டிய நிறுத்திட்டு குழந்தையோட இறங்குற ஆள் எந்தப் பக்கம் ஓடுவார், அந்தப் பக்கம் புகை வருமா வராதா? இதுக்கு பதில் தெரிஞ்ச பிறகுதான் ஃபேன் பேச்சுக்கே வரணும். அதனால மூணு வழிய ஒப்பிட்டு சொல்றேன், ஆனா ஒவ்வொண்ணையும் மாடிப்படி எங்க இருக்குனு பாத்துட்டுதான்.

பேச வசதியா ஒரு பேஸ்மென்ட்ட எடுத்துக்கலாம். நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர், தரைல இருந்து ஸ்லாப் வரை 3 மீட்டர். அதாவது 2400 சதுர மீட்டர், 7200 கன மீட்டர் காத்து. ராம்ப் தெற்குப் பக்கம், ஒரு மாடிப்படி அந்த ராம்ப் பக்கத்துலயே தெற்குச் சுவர் நடுவுல, இன்னொண்ணு வடக்குச் சுவர் நடுவுல. நம்ம ஊர்ல சாதாரணமா பாக்குற அளவுதான்.

முதல்ல புகை எவ்ளோ வேகமா வரும்னு பாக்கணும். பார்க்கிங் புகை சிஸ்டத்துக்குனே பிரிட்டன்ல BS 7346-7னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல ஸ்பிரிங்க்ளர் இருக்குற இடத்துக்கு கார் தீய 4 மெகாவாட்டுனும், ஸ்பிரிங்க்ளர் இல்லாத இடத்துக்கு 8 மெகாவாட்டுனும் கணக்குல வெப்பாங்க. 4 மெகாவாட்டயே எடுத்துக்குவோம். சூடான புகை மேல எழும்பும்போது சுத்தி இருக்குற காத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு போகும், அதனால ஸ்லாப்புக்கு கீழ செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 கன மீட்டர் புகை போய் சேரும். ஸ்லாப்ல இருந்து 1 மீட்டர் இறங்கி ஆள் தலைக்கு கொஞ்சம் மேல வரை வர 2400 கன மீட்டர் புகை போதும், அப்போ கார் முழுசா பிடிச்சு எரிய ஆரம்பிச்ச பிறகு கிட்டத்தட்ட மூணு நிமிஷம்தான். நிஜத்துல புகை இப்படி சமமா பரவாது, தீய விட்டு தள்ளிப் போகப் போக ஆறி, சுவர் ஓரத்துல கீழ சரிஞ்சு வரும், ஸ்பிரிங்க்ளர் தண்ணி பட்டாலும் குளுந்து கீழ இறங்கிடும். அதனால சில இடத்துல அத விட சீக்கிரமாவே கண்ணு மறைக்கும்.

இப்ப ஆள் நடக்குற வேகத்த பாருங்க. தெளிவான இடத்துல செகண்டுக்கு 1.2 மீட்டர் போவாங்க, அடர்ந்த புகைல சுவர தடவிக்கிட்டு போனா 0.4 மீட்டர் கூட தாண்டாது. நம்ம பேஸ்மென்ட்ல தெற்குல ஒரே ஒரு படி மட்டும் இருந்திருந்தா வடக்கு மூலைல இருக்குறவருக்கு 60 மீட்டரும் 20 மீட்டரும் சேந்து 80 மீட்டர் நடை, புகைல அது 200 செகண்ட். வடக்கு படியும் இருக்குறதால அதிகபட்ச தூரம் 50 மீட்டரா குறையுது, புகைலயே 125 செகண்ட்தான். எந்த ஃபேனும் சேக்காம, கரண்ட் இல்லாமலே இந்த 75 செகண்ட் கிடைச்சிடுது. ரெண்டாவது படிய பூட்டி வெச்சு பழைய சாமான் போடுற ரூமா ஆக்குற அசோசியேஷன்கள் இந்த 75 செகண்ட தூக்கிப் போடுறாங்க.

சரி, முதல் வழி கட்-அவுட், சுவர்ல ஜாலி, அதாவது இயற்கையா காத்து வர்ற திறப்பு. நம்ம தேசிய கட்டிட விதி 2016ல பேஸ்மென்ட் தரைப் பரப்புல குறைஞ்சது 2.5 சதவீதம் திறப்பு வேணும், அதுவும் சுத்துச் சுவர் முழுக்க பரவலா இருக்கணும்னு சொல்லுது. நம்ம கணக்குக்கு 60 சதுர மீட்டர். பாதி தரைக்கு மேல தெரியுற பேஸ்மென்ட்டா இருந்தா இது ஈஸி மாதிரி தெரியும், சுத்தளவு 200 மீட்டர், அரை மீட்டர் உயரத்துக்கு திறந்து விட்டா 100 சதுர மீட்டர் வந்துடும். ஆனா மழைத் தண்ணி வரும்னு அங்க சாய்வா பட்டி அடுக்கின லூவர் போடுவாங்க, சாதாரண லூவர்ல காத்து போற இடம் பாதிதான், அப்போ 50 தான் கிடைக்கும், விதிக்கு பத்து குறையுது. நெருக்கமா இல்லாத கம்பி ஜாலி போட்டா பரப்புல 70 சதவீதம் வரை திறந்திருக்கும், அப்போ 70 சதுர மீட்டர் வந்து தேறிடும். டிராயிங்ல 100னு எழுதி இருக்குறத பாத்து கையெழுத்து போட்டுடாதீங்க, லூவரோட திறந்த பரப்பு எவ்ளோனு எழுத்துல கேளுங்க.

இந்த வழில எனக்கு பிடிச்ச விஷயம், கரண்ட் போனாலும் வேல செய்யும், ஸ்டார்ட்டர் பழுதாகி நிக்காது, இரவு டூட்டி ஆள் தூங்கிட்டாலும் காத்து போகும். பிடிக்காத விஷயமும் இருக்கு. 40 மீட்டர் அகலத்துல நடுவுல இருக்குற புகை வெளிய போக நேரம் ஆகும், காத்தடிக்கிற திசைய பொறுத்து ஒரு பக்க ஜாலி புகைய வெளிய விடுறதுக்கு பதிலா உள்ளயே தள்ளும். வெளிய வர்ற புகை நேரா தரைத்தள வீட்டு ஜன்னலுக்குள்ள போகும், இத யாருமே யோசிக்கிறது இல்ல, கட்-அவுட்டுக்கு மேல யாரோட பெட்ரூம் ஜன்னல் இருக்குனு ஒரு தடவை சுத்தி வந்து பாத்தா போதும். மாடிப்படி வெளிய வர்ற கதவுக்கு பக்கத்துல கட்-அவுட் இருந்தா அது இன்னும் மோசம், தப்பிச்சு வெளிய வந்தவங்க மறுபடி புகைலயே நிப்பாங்க. அப்புறம் சென்னைக்காரங்க 2015 டிசம்பர மறக்க மாட்டோம். வெள்ளத்துக்கு பயந்து கட்-அவுட்ட சிமெண்ட் வெச்சு மூடுறவங்க இருக்காங்க, மூடாதீங்க, சுத்தி கட்டைச் சுவர் எழுப்பி பக்கவாட்டுல காத்து விடுங்க, வெள்ளமும் தடுக்கலாம் புகையும் வெளிய போகும். மேல தொட்டி வெச்சு செடி வளக்குறது, பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுறது எல்லாமே அந்த 60 சதுர மீட்டர குறைக்குது.

பேஸ்மென்ட் முழுசா தரைக்கு கீழ, ரெண்டு லெவல்னா கட்-அவுட் மட்டும் போதாது, மெக்கானிக்கல்தான். நம்ம விதிப்படி சாதாரண நேரத்துல மணிக்கு 6 தடவை காத்து மாறணும், தீ சமயத்துல 12 தடவை. நம்ம 7200 கன மீட்டருக்கு 12 தடவைனா மணிக்கு 86,400, அதாவது செகண்டுக்கு 24 கன மீட்டர். நம்ம ஊர் ஃபேன்காரங்க மொழில கிட்டத்தட்ட 51,000 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு அத்தனை கன அடி. ஃபேன் 250 டிகிரி சூட்ட 120 நிமிஷம் தாங்கணும், சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டிட்டா பாதி தீலயே மோட்டார் போயிடும்.

பிரிட்டன் விதில மணிக்கு 10 தடவை, 300 டிகிரி 60 நிமிஷம். அங்க இந்த எண்ணிக்கைக்கு சொல்ற காரணத்த நம்ம ஊர்ல நிறைய பேர் கவனிக்கிறது இல்ல. இந்த 10 தடவைங்கிறது முக்கியமா புகைய வெளியேத்தி தீயணைப்பு ஆளுங்களுக்கு உதவத்தான், ஆளுங்க தப்பிக்கிற வழிய தெளிவா வெச்சிருக்கும்னு அதுக்கு அர்த்தம் கிடையாது. 14 கன மீட்டர் புகை வருது, 24 இழுக்குறோம், அப்போ போதுமேனு தோணும். ஆனா இழுக்குற ஃபேன் புகைய மட்டும் பாத்து இழுக்காது, கீழ இருக்குற நல்ல காத்தையும் சேத்துத்தான் இழுக்கும். அதனால எந்த ஃபேன் போட்டாலும் ஆளுங்க முதல் மூணு நிமிஷத்துல கதவுக்கு அந்தப் பக்கம் போயிருக்கணும்ங்கிறத அடிப்படையா வெச்சுக்கணும்.

மெக்கானிக்கல்ல முதல் ரகம் டக்ட் போட்டு அங்கங்க கிரில் வெச்சு இழுக்குறது. இதுல புகை பிறந்த இடத்துக்கு பக்கத்துலயே இருக்குற கிரில் வழியா வெளிய போகும், பேஸ்மென்ட் முழுக்க உலாத்திட்டு போகாது. பிரிட்டன்ல பாதி கிரில் மேலயும் பாதி கீழயும் வைக்கச் சொல்லுவாங்க, பெட்ரோல் ஆவி காத்த விட கனமா தரையோட கிடக்கும்ல, அதுக்காக. கஷ்டம் எங்க வரும்னா உயரத்துல. டக்ட்ல காத்து செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போகுதுனு வெச்சா 24 கன மீட்டருக்கு 2.4 சதுர மீட்டர் குறுக்களவு வேணும். ரெண்டு டக்டா பிரிச்சா ஒவ்வொண்ணும் 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். ஸ்லாப் 3 மீட்டர், பீம் 60 சென்டிமீட்டர் தொங்குது, அதுக்கு கீழ டக்ட் இன்னொரு 60, ஆக மிச்சம் 1.8 மீட்டர். கார் ஓடுற பாதைல இது நடக்காது, இதோடயே பேச்ச முடிச்சுட்டு ஜெட் ஃபேனுக்கு போயிடுவாங்க.

அவசரப்பட வேணாம். அதே 2.4 சதுர மீட்டர நாலா பிரிச்சா ஒவ்வொரு டக்ட்டும் 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம்தான். அத பாதைக்கு மேல விடாம, கார் மூக்க வெச்சு நிக்கிற சுவர் ஓரமா, பானெட்டுக்கு மேல விடலாம், நடு வரிசைக்கு தூண் ஓரமா விடலாம். அங்க 1.8 மீட்டர் இடம் இருந்தா சாதாரண கார் எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் இடிக்காது. நாலு டக்ட், புகைய மேல கொண்டு போய் வெளிய விடுற ரெண்டு ஷாஃப்ட், ரெண்டு ஃபேன், ஒவ்வொரு ஃபேனும் 12 கன மீட்டர். ஒண்ணு பழுதானாலும் பாதி வேலை நடக்கும், அந்த பாதிக்காகத்தான் ரெண்டு.

டக்ட்ல ஒரு தப்ப கட்டாயம் பாக்கணும். டக்ட்ட உள்ள அடைக்கிற தகட்டுக்கு ஃபயர் டேம்பர்னு பேரு, வழக்கமான டேம்பர்ல ஒரு உருகுற இணைப்பு இருக்கும், 72 டிகிரி வாக்குல உருகி டேம்பர் மூடிக்கும். ஏசி டக்ட்டுக்கு அது சரி. புகைய இழுக்குற டக்ட்ல அதயே மாட்டிட்டா சூடான புகை வந்த உடனே டேம்பர் மூடிக்கும், ஃபேன் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். இங்க தேவை புகைக்குனே செஞ்ச, மோட்டார்ல திறக்குற டேம்பர். டேம்பர் பக்கத்துல ஏணி வெச்சு ஏறி லேபிள படிச்சா தெரிஞ்சிடும்.

ரெண்டாவது ரகம் ஜெட் ஃபேன். ஸ்லாப்புக்கு கீழ பீம் உயரத்துக்குள்ளயே அடங்குற உருளை மாதிரி ஃபேன், வேகமா ஊதி காத்த ஒரு திசைக்கு நகத்தும். பீம் இடைவெளில ஒளிஞ்சுக்குறதால உயரம் போகாது, பழைய பேஸ்மென்ட்டுக்கு இதுதான் ஈஸினு நினைப்பாங்க. ஆனா ஜெட் ஃபேன் ஒரு துளி புகைய கூட கட்டிடத்த விட்டு வெளிய அனுப்பாது, அது இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு தள்ளும், அவ்ளோதான். வெளிய அனுப்ப அதே 24 கன மீட்டர் இழுக்குற ஷாஃப்ட் ஃபேன் தனியா வேணும். கொட்டேஷன்ல பத்து ஜெட் ஃபேன் போட்டு ஷாஃப்ட் ஃபேன்ல கை வெச்சிருந்தா அத திருப்பி அனுப்பிடுங்க. ஜெட் தள்ளுற அளவு ஷாஃப்ட் இழுக்குற அளவ விட அதிகமானா மிச்சம் அங்கேயே முட்டித் திரும்பி சுத்தும், புகை எல்லா இடத்துலயும் கலந்துடும்.

அதுக்கும் மேல நேரம் முக்கியம். தீ ஆரம்பத்துல புகை மேல ஒரு படலமா நிக்கும், கீழ குனிஞ்சு போனா பாதை தெரியும். அந்த நேரத்துல ஜெட் ஃபேன் ஓடினா படலத்த கலைச்சு தரை வரைக்கும் இறக்கிடும், சூடான காத்த வேற இடத்துக்கு தள்ளி தீக்கு மேல இருக்குற ஸ்பிரிங்க்ளர் குமிழ் உடைஞ்சு தண்ணி தெளிக்கிறதையும் தாமதமாக்கும். அதனால அலாரம் வந்ததும் ஷாஃப்ட் ஃபேன் மட்டும் முதல்ல ஓடணும், ஜெட் ஃபேன் ஆளுங்க வெளிய போற நேரம் கழிச்சு, சில நிமிஷம் தள்ளித்தான் ஓடணும். தினமும் கார்பன் மோனாக்சைடு சென்சார் பாத்து ஓடிக்கிட்டு இருக்குற ஜெட் ஃபேன்னா அலாரம் வந்ததும் முதல்ல நிக்கணும், அப்புறம்தான் மறுபடி ஓடணும். இந்த நிறுத்துற வேலைய பேனல்ல புரோகிராம் பண்ணி இருக்காங்களானு அலாரம் அடிச்சு கண்ணால பாக்கணும்.

இப்ப நம்ம பேஸ்மென்ட்டுக்கு திரும்பலாம். ராம்ப் தெற்குல, புது காத்து அங்க இருந்துதான் வரும், அப்போ ஜெட் ஃபேன் வடக்கு நோக்கி தள்ளும், ஷாஃப்ட் வடக்குல இருக்கும். அதாவது எங்க தீ பிடிச்சாலும் எல்லா புகையும் வடக்கு மாடிப்படி கதவு முன்னாடி போய் சேரும். எந்த படி நமக்கு அந்த 75 செகண்ட கொடுத்துச்சோ அதையே கெடுக்குது. இந்த ஒரே காரணத்துக்காக இந்த கட்டிடத்துக்கு நான் சுவர் ஓர டக்ட்ட எடுப்பேன். அதுல திசைனு ஒண்ணு கிடையாது, ரெண்டு படியும் ஒரே மாதிரி பாதுகாப்பா இருக்கும். ரெண்டு படியும் ராம்ப் பக்கமோ நடுவுலயோ இருக்குற வேற கட்டிடம்னா, உயரமும் இல்லனா, தாமதத்தோட ஓடுற ஜெட் ஃபேன நானே சிபாரிசு பண்ணுவேன், ஆனா கம்ப்யூட்டர்ல புகை ஓட்டத்த போட்டுப் பாத்த ரிப்போர்ட்ட வாங்கிட்டுதான். பாதி தரைக்கு மேல இருக்குற ஒரே லெவல்னா ஜாலி வழிதான், ஃபேனுக்கு செலவு பண்ற காச கதவுக்கு போடலாம்.

டக்ட்டோ ஜெட்டோ, இழுக்குற 24 கன மீட்டருக்கு ஈடா அதே அளவு காத்து உள்ள வரணும். நம்ம ராம்ப் வாய் 3.5 மீட்டருக்கு 2.4 மீட்டர்னா 8.4 சதுர மீட்டர், அதுல செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துக்கு கொஞ்சம் குறைவா காத்து உள்ள வரும், பரவாயில்ல. ராத்திரி ராம்ப்ல ரோலிங் ஷட்டர் இறக்கிட்டா? உள்ள காத்து வர வழி இல்ல, ஃபேன் சுத்தும், ஆனா இழுக்காது, மாடிப்படி கதவ மட்டும் இறுக்கிப் பிடிக்கும். ஷட்டர் இருந்தா அலாரம் வந்ததும் தானா திறக்கணும், இல்லனா கம்பி ஷட்டரா மாத்துங்க.

கதவு இறுக்கம்னு சொன்னேன்ல, அதையும் எண்ணுல பாக்கலாம். பேஸ்மென்ட் பக்கம் காத்தழுத்தம் குறைஞ்சு, படி, லிஃப்ட் முன்னாடி கதவு போட்டு பிரிச்ச லாபிக்கும் அதுக்கும் 50 பாஸ்கல் வித்தியாசம் வந்தா, 1 மீட்டர் அகலம் 2 மீட்டர் உயரக் கதவு மேல 100 நியூட்டன் அழுத்தும். லாபிக்குள்ள தள்ளித் திறக்குற கதவு, கைப்பிடி ஓரத்துல அது பாதியா 50 நியூட்டன், கூட டோர் க்ளோசர் ஸ்பிரிங்கும் எதிர்க்கும். தடியான ஆளுக்கு ஒண்ணும் இல்ல, எழுபது வயசு பாட்டிக்கு அது திறக்காத கதவு. ஃபேன ஃபயர் மோட்ல ஓட விட்டு வீட்டுல இருக்குற பெரியவங்களயே ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாக்கச் சொல்லுங்க.

அந்த லாபிதான் மொத்தத்துலயும் முக்கியம். லிஃப்ட் பேஸ்மென்ட் வரை வருதுனா அந்த ஷாஃப்ட் புகைக்கு மேல் மாடிகளுக்கு போற புகைபோக்கி மாதிரி, அதனாலதான் லிஃப்ட் முன்னாடி சுவர் எழுப்பி, தானா மூடுற 120 நிமிஷ தீத் தாங்கும் கதவோட லாபி கேக்குறாங்க, காத்த உள்ள செலுத்தி அழுத்தத்துல வைக்கச் சொல்றாங்க. பேஸ்மென்ட் மாடிப்படியும் அப்படியே மேல போகாம தரைத்தளத்துல வெளிய இருந்து மட்டும் நுழையுற மாதிரி இருக்கணும்னு விதி இருக்கு. கதவுக்கு கீழ செங்கல் வெச்சு திறந்து போட்டிருந்தா நீங்க வாங்கின ஃபேன் எல்லாமே வீண். ட்ராலி தள்ள கஷ்டமா இருக்குனுதான் செங்கல் வைக்கிறாங்க, அதுக்கு மருந்து இருக்கு, அலாரம் வந்தா தானா விட்டுடுற மேக்னெட் ஹோல்டர் போடுங்க. எக்ஸிட் போர்டும் மேல மட்டும் இருந்தா புகை முதல்ல அதத்தான் மறைக்கும், முட்டி உயரத்துலயும் ஒரு வரிசை ஒட்டுங்க.

இது கணக்குல மட்டும் இருக்குற பயம் இல்ல. தென்கொரியா டேஜான்ல 2022 செப்டம்பர் 26 காலைல ஒரு அவுட்லெட் மால் பேஸ்மென்ட் சரக்கு இறக்குற இடத்துல தீ பிடிச்சு, அங்க வேலை செஞ்ச 7 பேர் செத்துப் போனாங்க. அதே நாட்டுல 2024 ஆகஸ்ட் 1 இன்ச்சான் சோங்னால அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல, சார்ஜ் கூட போடாம நிறுத்தி இருந்த எலக்ட்ரிக் கார் எரிஞ்சு, அணைக்க 8 மணி நேரம், நூத்துக்கும் மேல கார் சேதம், 20க்கும் மேல ஆளுங்க புகை சுவாசிச்சு ஆஸ்பத்திரி போனாங்க. அங்க ஸ்பிரிங்க்ளர் இருந்துச்சு. அலாரம் வந்த உடனே டூட்டில இருந்தவர் ஸ்பிரிங்க்ளர நிறுத்துற பட்டன அழுத்தினதா விசாரணைல தெரிஞ்சுது. பொய் அலாரம் அடிக்கடி வர்ற எந்த கட்டிடத்துலயும் இது நடக்கலாம். அதனால ஸ்பிரிங்க்ளர் வால்வு திறந்திருக்கானு காட்டுற ஸ்விட்ச் பேனல்ல கட்டாயம் தெரியணும், நிறுத்த ஒருத்தர் மட்டும் முடிவெடுக்கக் கூடாதுங்கிறது டூட்டி விதியாவே எழுதி வெக்கணும்.

ஒப்படைக்கும்போது பாக்க வேண்டியது: ஃபேனுக்கு மூணு பேஸ் வயர்ல ரெண்டு மாறி இருந்தா அது எதிர்ப்பக்கம் சுத்தும், சத்தம் அப்படியேதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. கிரில்ல ஒரு பேப்பர வையுங்க, ஒட்டிக்கிட்டா சரி, பறந்து வந்தா வயர் மாறி இருக்கு. ஃபேன், பேனல் ரெண்டுக்கும் கரண்ட் அதே பேஸ்மென்ட்ல இருக்குற இபி ரூம்ல இருந்து சாதாரண கேபிள்ல வந்தா தீ வந்ததும் முதல்ல போறது அதுதான், தீத் தாங்குற கேபிளும் ஜெனரேட்டர் சப்ளையும் வேணும். அப்புறம் மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஜெனரேட்டர்ல ஃபயர் மோட் ஓடுதானு பாத்து, ரெண்டு படியும் பூட்டில்லாம திறக்குதானு பாத்து, மேடைல போடுற புகை மிஷின வாடகைக்கு எடுத்து வடக்கு மூலைல விட்டு புகை எந்தக் கதவு பக்கம் போகுதுனு நின்னு பாருங்க. குளிர் புகைங்கிறதால சூட்ட பத்தி எதுவும் சொல்லாது, ஆனா திசைய காட்டிடும். மாடிப்படி கதவு பக்கம் போச்சுனா ஒப்படைப்பு தாள்ல கையெழுத்து போடாதீங்க.